வகுப்புப் படத்தின் பின்னணியை ஏன் மாற்றுகிறார்கள்?

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் குரூப் போட்டோ எடுத்தாயிற்று. மூன்று வரிசையும் நேராக இருக்கிறது. யாரும் கண்ணை மூடவில்லை. ஆனால் பின்வரிசைக்குப் பின்னால் அறிவிப்புப் பலகை. கட்டண பாக்கி வைத்திருக்கும் மாணவர்களின் பெயர்கள் அதில் சாக்பீஸில் எழுதியிருக்கின்றன. எந்தப் பள்ளியிலும் நேரக்கூடியதுதான். அப்போது வகுப்பாசிரியர் பெற்றோருக்கு எழுத வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். ஆண்டு மலருக்காக எடுத்த வகுப்புப் படத்தில், பின்னாலுள்ள பலகையில் சில மாணவர்களின் பெயர்கள் தெரிகின்றன. ஆகவே பலகையும் சுவரும் உள்ள பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, நம் பள்ளிக் கட்டடத்தின் படத்தை அங்கே வைக்க இருக்கிறோம். மறுபடி எடுக்கலாமே என்று தோன்றும். இதற்குள் இரண்டு பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களை விட்டுவிட மனமில்லை. பிள்ளைகளின் முகம், நிறம், உடை, நிற்கும் இடம் எதிலும் கைவைக்க மாட்டோம். மாற்றிய படத்தை வரும் பெற்றோர் கூட்டத்தில் காட்டுவோம். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள். அதன் பிறகே அச்சுக்குப் போகும்."

அவ்வளவு தூரத்தில் இருக்கும் எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் சுமார் 6,000 புள்ளிகள். மூன்று வரிசைப் பிள்ளைகள் ஏறக்குறைய ஆறு மீட்டர் அகலத்துக்கு நிற்கிறார்கள் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி விழுகிறது. பலகை பிள்ளைகளுக்கு ஒட்டினாற்போல் இருந்தால், இரண்டு சென்டிமீட்டர் உயர எழுத்துக்கு ஏறக்குறைய இருபது புள்ளிகள் கிடைக்கும். படிக்க அது தாராளம். எல்லா வரிசையும் தெளிவாக விழ வேண்டும் என்று லென்ஸின் துவாரத்தைக் குறுக்கி எடுப்பதால், பின்னால் உள்ள பலகையும் மங்காமல் விழுந்துவிடுகிறது. அச்சுப் புத்தகத்தில் அந்த எழுத்து ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. யார் கண்ணிலும் படாது. ஆனால் படம் வாட்ஸ்அப்பில் முழு அளவு ஃபைலாகப் போனால், போனில் விரல் வைத்துப் பெரிதாக்கி யாரும் படித்துவிடலாம்.

மாற்றும் வேலையில் பாதிச் சிக்கல் தலைமுடியில்தான். ஸ்டூடியோவில் ஒவ்வொரு பிள்ளையின் ஓரத்தையும் பிரித்தெடுத்து, பின்புறத்தை நீக்குகிறார்கள். தோளும் கையும் சுலபமாகப் பிரியும். காற்றில் பறக்கும் முடி, ரிப்பன், தலையில் வைத்த மல்லிகைச் சரம் ஆகியவை பிரிய மறுக்கும். அவசரமாகச் செய்தால் தலையைச் சுற்றி வெளுத்த கோடு ஒன்று தெரியும், அல்லது முடி கத்தரித்ததுபோல் மொட்டையாக நிற்கும். இடுப்பில் கைவைத்து நிற்கும் பையனின் கைக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பழைய சுவர் மிஞ்சியிருப்பதும் வழக்கம். மாதிரியைப் பார்க்கும் பெற்றோர் முதலில் இந்த இடங்களைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். பிள்ளைகளின் முகத்தில் வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறது. புதிய பின்னணியில் தூணின் இடப்பக்கம் நிழலாக இருக்கிறது. பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் ஒட்டுப்போட்டது என்று பட்டுவிடும். காலடி நிழலை அழித்துவிட்டால் பிள்ளைகள் அந்தரத்தில் நிற்பார்கள். இதற்கு ஒரு வழி உண்டு: தரை, பெஞ்சு, காலடி நிழல் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டு, பின்வரிசைக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றுவது. அங்கே வைக்கும் கட்டடப் படத்தையும், பிள்ளைகள் நின்ற அதே வேளையில், வெயில் அதே பக்கமிருந்து விழும்படி எடுத்தால் ஒட்டு தெரியாது.

இவற்றைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது முகத்தின் நிறம். பின்னணியை மாற்றக் கொடுத்த படத்தில், கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கித் தரும் ஸ்டூடியோக்கள் உண்டு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, 'உன் நிறம் புத்தகத்துக்கு ஆகாது' என்று சொல்வதற்குச் சமம் அது. ஆகவே ஸ்டூடியோவுக்குத் தரும் ஆர்டரிலேயே, 'பின்னணி மட்டும். முகத்தில் எதுவும் செய்யக் கூடாது' என்று எழுதித் தர வேண்டும். மூலப் படத்தையும் பள்ளி பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் ஒளியாது.

2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளையின் படத்தில் கைவைக்கும் முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்வது முறை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: இப்படியொரு கடிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். மாதிரிப் படத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் பிள்ளையின் முகத்தை மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால், அச்சுக்குப் போகும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.