டியூப் டயரா, டியூப்லெஸ் டயரா? முதலில் ரிம்மைப் பாருங்கள்

வாலாஜாபாத், ஒரகடம் பக்கம் வேலைக்குப் பைக்கில் போய்வரும் நம் பிள்ளைகள், டயர் மாற்றும்போது எதைப் போடலாம் என்று கேட்கிறார்கள். ஜல்லி லாரி ஓடும் சாலையில் ஆணியும் கூர்ங்கல்லும் ஒரு தொல்லை, பள்ளம் இன்னொரு தொல்லை. இரண்டையும் தனித்தனியே பார்த்தால் விடை தெளிவாகும்.

டியூப் உள்ள டயரில் ஆணி ஏறினால், உள்ளே இருக்கும் மெல்லிய டியூப் கிழிகிறது. வெளியேறும் காற்று வால்வு ஓட்டை, ஸ்போக் ஓட்டைகள் வழியாக நொடிகளில் போய்விடும். பின்னால் மனைவி, பிள்ளையோடு வேகமாகப் போகும்போது இப்படி நடந்தால் வண்டி ஆடி விழ வாய்ப்புண்டு. டியூப்லெஸ் டயரிலோ ரப்பர் ஆணியைக் கவ்விக்கொள்ளும். காற்று மெல்ல இறங்குவதால் பெரும்பாலும் ஓரமாக நிறுத்த அவகாசம் கிடைக்கும். சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் போடலாம். இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் டியூப்லெஸ் டயரில் காற்றைக் காப்பது டயரின் விளிம்பும் ரிம்மும் இறுகப் பொருந்தும் இடம்தான். பள்ளத்தில் பலமாக இடித்து அலாய் ரிம் வளைந்தால் அங்கே காற்று கசியும். பஞ்சர் இல்லாமலே இரண்டு நாளுக்கு ஒருமுறை காற்று குறைந்தால், விளிம்பு முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடமே கோளாறு. சில கடைகளில் இதற்கு டியூப் ஒன்றை உள்ளே போட்டுவிடுவார்கள். அதன்பின் ஆணி ஏறினால் பழையபடி காற்று சட்டென இறங்கும். ரிம்மைச் சரிசெய்வதே முறை. அதில் கீறல் இருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

சாதாரண ஸ்போக் சக்கரத்தில் ஸ்போக் ஓட்டைகள் வழியே காற்று போய்விடும் என்பதால் டியூப் கட்டாயம். டியூப்லெஸ் டயர் வாங்கி மாட்டினாலும் அதன் பலன் கிடைக்காது. இந்தச் சக்கரத்துக்கும் ஒரு நன்மை உண்டு: பள்ளத்தில் கோணினால் ஸ்போக்கை இறுக்கியும் தளர்த்தியும் குறைந்த செலவில் பெண்ட் எடுத்துவிடலாம்.

ஆகவே, அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயருக்கான ரிம்மும் இருந்தால் டியூப்லெஸ்ஸே நல்லது. ஸ்போக் சக்கரமென்றால் டியூப் டயரே போதும். டயர் மாற்றும்போது புது டியூபும், ஸ்போக் முனை குத்தாமல் காக்கும் ரிம் டேப்பும் சேர்த்துப் போடுங்கள்.

எந்த டயரானாலும் வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்றைப் பாருங்கள். அளவு செயின் கவர் அருகில் அல்லது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். இருவர் ஏறினால் பின் டயருக்குக் கூடுதல் அளவு குறித்திருப்பார்கள். காற்று குறைந்த டயரில்தான் பள்ளத்தின் இடி நேரே ரிம்மில் விழுகிறது.

டியூப்லெஸ்ஸில் பஞ்சர் திரி போடுவது, தரையில் படும் பகுதியில் பென்சில் பருமனுக்கும் சிறிய ஓட்டைக்கு மட்டுமே. பக்கவாட்டில் கிழிந்தாலோ புடைத்தாலோ அந்த டயரில் யாரையும் ஏற்றாதீர்கள்; மாற்றிவிடுங்கள்.