குழாய்க்குள் ஓடும் காற்றின் வேகம்

1732இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி பிட்டோ, வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றை செய்ன் நதியின் ஓட்டத்துக்கு எதிராக நீட்டினார். உள்ளே ஏறிய நீரின் உயரம் நதியின் வேகத்தைக் காட்டியது. இன்று பெரிய கட்டடங்களின் ஏசி குழாய்களிலும் அதே வழியில்தான் காற்றின் வேகத்தை அளக்கிறார்கள்.

காற்றை எதிர்கொள்ளும் மெல்லிய குழலின் வாயில் காற்று அப்படியே நின்றுவிடுகிறது. அதன் வேகம் அழுத்தமாக மாறுகிறது. இதுவே மொத்த அழுத்தம். குழாய்ச் சுவரில் உள்ள சிறு துளையோ நிலை அழுத்தத்தை மட்டும் காட்டும். முதலாவது 310 பாஸ்கல், இரண்டாவது 250 பாஸ்கல் என்றால், வித்தியாசமான 60தான் வேகத்தின் பங்கு. அதை இரட்டித்து, காற்றின் அடர்த்தியான 1.2ஆல் வகுத்தால் 100. அதன் வர்க்கமூலம் 10. அதாவது, விநாடிக்கு 10 மீட்டர்.

சுவர்த் துளைதான் அடிக்கடி ஏமாற்றும். துளையிட்டபோது உட்புறம் பிசிறு நின்றுவிட்டால், அதன்மேல் காற்று மோதி நிலை அழுத்தம் தவறாகப் பதிவாகும். துளையின் உள்விளிம்பை வழவழப்பாக்குவது அவசியம்.

நடுவில் மட்டும் அளப்பதும் போதாது. சுவரோரம் காற்று மெதுவாக ஓடும். ஓரிடத்தில் 60, இன்னோரிடத்தில் 15 பாஸ்கல் என்றால் வேகங்கள் 10, 5, சராசரி 7.5. அழுத்தங்களை முதலில் சராசரி எடுத்தால் 7.9 என்று கூடுதலாக வரும். ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் வேகத்தைத் தனியாகக் கணக்கிட்ட பிறகே சராசரி எடுக்க வேண்டும்.

விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வித்தியாசம் வெறும் 2.4 பாஸ்கல்தான். அங்கே சூடான கம்பி வேகமானியே நம்பகமானது.