இரண்டு டியூட்டிக்கு நடுவே எத்தனை மணி?

அடுத்த வாரத்துக்கான டியூட்டி ரோஸ்டர் நோட்டீஸ் போர்டில் ஏறியதும், வேலை முடிந்து கிளம்புகிற யாராவது ஒருவர் அதைப் போனில் படம் பிடித்து வார்டின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். கூடவே ஒரு வரி: "ஏதாவது கிளாஷ் இருந்தா சொல்லுங்க." ஆளாளுக்குத் தன் பெயரைத் தேடிப் பிடித்து, லீவு என்றைக்கு என்று பார்த்ததோடு போனை மூடிவிடுவார்கள். கிளாஷ் இருப்பது பெரும்பாலும் அந்த வாரத்தின் நடுவில், அலாரம் அடிக்கும்போதுதான் தெரியவரும்.

கண்ணுக்கு அது தப்பிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ரோஸ்டரில் ஒரு நாளுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஓர் எழுத்து. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு கிடைக்கிறது என்பது தாளில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதை நாம்தான் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு தனியார் மருத்துவமனை வார்டை எடுத்துக்கொள்வோம். காலை டியூட்டி 7 மணி முதல் மதியம் 2 வரை. மாலை டியூட்டி மதியம் 1.30 முதல் இரவு 8 வரை. இரவு டியூட்டி 7.30 முதல் மறுநாள் காலை 7.30 வரை. ரோஸ்டரில் இவை எம், ஈ, என் என்ற ஆங்கில எழுத்துகளாக இருக்கும். ஓ என்றால் லீவு.

ஒரு ஷிஃப்ட் முடிவதற்கு அரை மணி முன்பே அடுத்தது தொடங்கிவிடுவதைக் கவனியுங்கள். இது பிழை அல்ல. எந்த நோயாளிக்கு டிரிப் ஓடுகிறது, யாருக்கு ராத்திரி காய்ச்சல் ஏறியது என்று கையளித்துவிட்டுப் போவதற்கான ஹேண்ட்ஓவர் நேரம் அது. இரண்டு பேருக்கு இடையில் இந்த அரை மணி இருந்தே ஆக வேண்டும். அதே அரை மணி ஒரே ஆளின் வரிசையில் வந்தால்தான் சிக்கல். அவர் ஒரே நேரத்தில் கையளிப்பவராகவும் வாங்கிக்கொள்பவராகவும் இருக்க முடியாது. ஆகவே மோதலைத் தேடுகிறவர் படத்தை மேலிருந்து கீழாகப் படிக்கக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்.

ஒன்பது ஜோடிகள் போதும்

முப்பது பேரின் வாரம் முழுவதையும் மணிக்கணக்கில் சரிபார்ப்பது மலைப்பாகத் தோன்றலாம். ஆனால் மூன்று வகை ஷிஃப்ட் மட்டும் இருக்கும் இடத்தில், இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று சேரக்கூடியவை மொத்தம் ஒன்பது ஜோடிகள்தான். அவற்றின் இடைவெளியை ஒரே ஒரு தடவை கணக்கிட்டுவிட்டால் போதும்.

காலைக்குப் பின் காலை: 17 மணி நேரம்
காலைக்குப் பின் மாலை: 23½
காலைக்குப் பின் இரவு: 29½
மாலைக்குப் பின் காலை: 11
மாலைக்குப் பின் மாலை: 17½
மாலைக்குப் பின் இரவு: 23½
இரவுக்குப் பின் இரவு: 12
இரவுக்குப் பின் மாலை: 6
இரவுக்குப் பின் காலை: இடைவெளியே இல்லை, அரை மணி மோதல்

கடைசி இரண்டும்தான் பலரை ஏமாற்றுபவை. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் இருக்கும் 'என்' உண்மையில் முடிவது சனிக்கிழமை காலை 7.30-க்கு. சனிக்கிழமைக் கட்டத்தில் 'எம்' இருந்தால் அந்த டியூட்டி 7 மணிக்கே தொடங்கிவிடுகிறது. தாளில் இரண்டும் தனித்தனி நாள். கடிகாரத்தில் ஒன்றின் மேல் ஒன்று. சனிக்கிழமை மாலை டியூட்டி என்றால் மோதல் இல்லை. ஆனால் விடிய விடிய விழித்தவருக்கு வீட்டுக்குப் போய், தூங்கி, திரும்பி வர ஆறே மணி நேரம்.

உங்கள் இடத்தில் நேரங்கள் வேறாக இருந்தால் இந்த எண்களும் மாறும். கணக்கிடும்போது முடியும் நேரத்தைத் தேதியோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். 'இரவு, 7.30 வரை' என்று மட்டும் எழுதினால் எந்த 7.30 என்ற குழப்பம் வந்துவிடும்.

எவ்வளவு இடைவெளி இருந்தால் போதும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலைநேர விதி, நாளொன்றுக்குத் தொடர்ச்சியாக 11 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது. நர்ஸ்களுக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் வெளியிட்ட 157-ஆம் பரிந்துரை, ஷிஃப்ட்டுகளுக்கு இடையே 12 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்கிறது. அது பரிந்துரைதான், கட்டாயம் அல்ல. இருந்தாலும் அளந்து பார்க்க ஒரு கோலாக உதவும். மாலைக்குப் பின் காலை முதல் அளவில் மயிரிழையில் தேறுகிறது, இரண்டாவதில் தோற்கிறது. அதுவும் 8 மணிக்குச் சரியாகக் கிளம்ப முடிந்தால்தான். கடைசி நேரத்தில் ஓர் அட்மிஷன் வந்து 8.45 ஆகிவிட்டால் மிச்சம் 10¼ மணி நேரம். பஸ், குளியல், சாப்பாடு, விடிகாலை சமையல் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

ஒரு வரிசையைப் பார்ப்போம்

படத்தில் ஆறாவது வரிசையில் இருப்பவருக்கு இப்படி ஒரு வாரம்: திங்கள் காலை, செவ்வாய் மாலை, புதன் காலை, வியாழன் இரவு, வெள்ளி இரவு, சனி லீவு, ஞாயிறு காலை. பார்த்ததும் குறை தெரியாது. இரண்டே இரண்டு நைட், அடுத்து லீவு.

ஜோடி ஜோடியாகப் போனால் முதலில் அகப்படுவது செவ்வாயும் புதனும்: 11 மணி நேரம். வியாழனும் வெள்ளியும் 12. அடுத்தது சனிக்கிழமை. தாளில் அது முழு நாள் லீவு. ஆனால் அவர் அன்று காலை 7.30 வரை வார்டில் இருக்கிறார். ஞாயிறு 7 மணிக்கு மறுபடி வந்து நிற்க வேண்டும். லீவு 23½ மணி நேரம். அதில் பகல் பொழுது நைட் தூக்கத்திலேயே கரைந்துவிடும்.

இந்த ஓட்டையை இந்தியச் சட்டம் எப்போதோ கவனித்திருக்கிறது. நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ட்டில் இருப்பவருக்கு 'விடுமுறை நாள்' என்றால், ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 57-ஆம் பிரிவில் விளக்கம் எழுதியது. மருத்துவமனை வார்டு தொழிற்சாலை அல்ல. ஆனாலும் கணக்கு அதேதான். அந்த அளவில் இந்த லீவுக்கு அரை மணி குறைகிறது. 157-ஆம் பரிந்துரையோ வார ஓய்வு எக்காரணத்தாலும் 36 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது.

இன்னொன்று படத்திலேயே இல்லை. திங்கள் காலை டியூட்டிக்கு முந்தைய கட்டம் போன வாரத் தாளில் இருக்கிறது. ஞாயிறு அவர் நைட் பார்த்திருந்தால் வாரம் மோதலோடுதான் தொடங்கும். ஆகவே போன வாரப் படத்தின் கடைசிக் கட்டத்தையும் பார்க்காமல் 'கிளாஷ் இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

படம் செய்கிற கோளாறுகளும் உண்டு. கையெழுத்தில் எம்மும் என்னும் ஒன்றுபோலத் தெரியும். சாய்வாக எடுத்த படத்தில் ஆறாவது வரிசையைத் தொடர்ந்து போன விரல் பாதியில் ஏழாவதுக்குச் சறுக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, ஒரு நாளின் பத்தியில் எத்தனை எம், எத்தனை ஈ, எத்தனை என் என்று எண்ணிப் பார்ப்பது. தினமும் இரவுக்கு இரண்டு பேர் என்ற வார்டில் ஒரு நாள் மூன்று பேர் வந்தால், ஏதோ ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது எழுதியவரே தப்பாக எழுதியிருக்கிறார். பெயர்ப் பத்தி, தேதி வரிசை, கீழே உள்ள நேரக் குறிப்பு மூன்றும் விழும்படி நேராக நின்று எடுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் எழுத்து மங்காது. தாளில் பேனாவால் திருத்தம் விழுந்த பிறகு பழைய படம் செல்லாது. எந்தத் தேதியில் எடுத்தது என்று கூடவே எழுதிவிடுவது நல்லது.

மாற்றிக்கொள்ளும்போது

ஆறாம் வரிசைக்காரர், "புதன் கஷ்டமா இருக்கு மேடம்" என்று மட்டும் அனுப்பினால் இன்சார்ஜ் சிஸ்டர் மறுபடி முழுத் தாளையும் தேட வேண்டும். படத்தோடு இப்படி எழுதினால் வேலை முடிந்துவிடும்: "மேடம், நான் 6-ஆம் வரிசை. செவ்வாய் ஈவினிங் 8 மணிக்கு முடியுது, புதன் மார்னிங் 7 மணிக்கு வரணும். நடுவுல 11 மணி நேரம்தான். 9-ஆம் வரிசை அக்காவுக்குச் செவ்வாய் மார்னிங், புதன் ஈவினிங். செவ்வாய் மட்டும் மாத்திக்க அவங்களுக்கும் சம்மதம்."

'செவ்வாய் மட்டும்' என்பதில் விஷயம் இருக்கிறது. செவ்வாயையும் புதனையும் சேர்த்து மாற்றிக்கொண்டால் அந்த 11 மணி நேரம் அப்படியே அக்காவின் தலையில் விழும். செவ்வாய் மட்டும் மாறினால் இவருக்குக் காலைக்குப் பின் காலை, 17 மணி நேரம். அக்காவுக்கு மாலைக்குப் பின் மாலை, 17½. வார்டில் ஆள் எண்ணிக்கையும் மாறவில்லை. ஒரு கட்டத்தை மாற்றும்போதெல்லாம் அதன் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகள் மாறுகின்றன. இரண்டு பேர் என்றால் நான்கு. நான்கையும் பார்த்த பிறகே சம்மதம் சொல்ல வேண்டும். இதேபோல ஞாயிறு காலையை வேறொருவரின் மாலையோடு மாற்றினால் லீவு 30 மணி நேரமாகும். 36 ஆகாவிட்டாலும் முன்பைவிட மேல்.

இத்தனை செய்தும் ஒன்று நகராது. இந்த வரிசையின் வேலை நேரத்தைக் கூட்டினால் வாரத்துக்கு 51½ மணி வருகிறது. மாற்றிய பிறகும் அதேதான். ஏன் என்பது வார்டின் கணக்கைப் போட்டால் புரியும். ஷிஃப்ட்டுக்கு இரண்டு பேர் என்றால் ஒரு நாளுக்கு 51 மணி நேர வேலை, வாரத்துக்கு 357. ஏழு நர்ஸ்கள் பங்கிட்டால் தலைக்கு 51. ஒருவர்கூட லீவு போடாவிட்டாலும் வாரம் 48 மணி என்ற வரம்புக்குள் வர எட்டுப் பேர் வேண்டும். வாராவாரம் ஒரு மோதலைத் தீர்த்தால் இன்னொன்று முளைக்கிறது என்றால், படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பெயர்ப் பத்தியில் எத்தனை பேர் என்று எண்ணி, இந்த வகுத்தல் கணக்கை இன்சார்ஜுக்கு அனுப்ப வேண்டிய நேரம் அது.