மேடைப் பேச்சும் மாணவரின் மூச்சும்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படும் உரை பெரும்பாலும் கட்டுரை நடையில்தான் எழுதப்படுகிறது. ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாளுக்காக ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் தரப்படும் தாளில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கக்கூடும்:

“இளம் வயதில் தந்தையை இழந்து, படிப்பைத் தொடர முடியாமல், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுப் பலமுறை சிறை சென்று, 1954ஆம் ஆண்டு முதலமைச்சராகப் பொறுப்பேற்று, ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவு அளித்த பெருந்தலைவர் காமராசரின் பிறந்தநாள் இன்று.”

கண்ணால் படிப்பவருக்கு இதில் தடையில்லை. மைதானத்தில் நின்று கேட்பவருக்கோ, யாரைப் பற்றிய பேச்சு என்பதே கடைசியில்தான் தெரிகிறது. ‘இழந்து’, ‘சென்று’, ‘பொறுப்பேற்று’ என்று எச்சங்கள் தொடர்வதால் வாசிப்பவருக்கு மூச்சு விட இடமில்லை. ஆண்டையும் எழுத்தை வைத்து அளக்கக் கூடாது. தாளில் நான்கு இலக்கமாக இருப்பது, வாயில் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு’ என்று நீண்டு பாதி மூச்சைத் தின்றுவிடும்.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. செய்தாரா, செய்யவில்லையா என்பது அங்கேதான் தெரியும். மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் அதே இடத்தில்தான். அதனால் நீண்ட வாக்கியத்தில் முதலில் காணாமல் போவது அதன் உயிர்நாடியான சொல்தான்.

இதைச் சரிசெய்ய, பெயரை முன்னே கொண்டுவந்து, எச்சங்களை முற்றுகளாக மாற்ற வேண்டும்:

“இன்று பெருந்தலைவர் காமராசரின் பிறந்தநாள். சிறு வயதிலேயே அவர் தந்தையை இழந்தார். அதனால் படிப்பைத் தொடர முடியவில்லை. பிறகு விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார், பலமுறை சிறை சென்றார். 1954இல் முதலமைச்சர் ஆனார். அப்போது குழந்தைகளுக்காக என்ன செய்தார்? ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே மதிய உணவு கொடுத்தார்.”

‘அதனால்’, ‘பிறகு’, ‘அப்போது’ ஆகியவை கேட்பவருக்கு வழிகாட்டும் சொற்கள். தாளில் பத்தி மாறுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. அந்த வேலையை இவை செய்கின்றன. நடுவில் வைத்த கேள்வி, அடுத்த செய்தி வரப்போகிறது என்று சொல்லிவிடுகிறது. ‘மேற்கூறிய’, ‘பின்வருமாறு’ போன்றவை தாளுக்கே உரியவை. அவற்றுக்குப் பதில் ‘இப்போது சொன்ன’ என்றோ, ‘அவர் செய்தவற்றில் இரண்டைப் பார்ப்போம், முதலாவது’ என்றோ எழுதலாம். இரண்டு என்று சொன்னால் ‘இரண்டாவது’ என்பதும் கட்டாயம் வர வேண்டும். இல்லையேல் கேட்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

எல்லாவற்றையும் துண்டாக்கினாலும் பேச்சு பட்டியல் ஒப்பிப்பது போலாகும். ‘இறங்கினார், பலமுறை சிறை சென்றார்’ என்பதை ஒரே மூச்சில் விட்டிருப்பது அதற்காகத்தான்.

வாக்கியம் சரியாக அமைந்ததா என்பதை வாசிக்கப்போகும் மாணவியே உரக்கப் படித்துத்தான் அறிய முடியும். ஆசிரியரின் மூச்சு நீளமானது, அவர் படித்துப் பார்ப்பது போதாது. மாணவி மூச்சு வாங்கும் ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் ஒரு சாய்கோடு போட வேண்டும். ‘மதிய / உணவு’ என்று சேர்ந்து நிற்க வேண்டிய சொற்களுக்கு நடுவே கோடு விழுந்தால், அந்த வாக்கியத்தை இன்னும் பிரிக்க வேண்டும். இறுதிப் படியை ஒரு மூச்சுக்கு ஒரு வரியாக, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. பக்கம் திருப்பும் இடம் வாக்கியத்தின் நடுவில் வரக் கூடாது.