டிசம்பரின் வால் எங்கே?

சென்னையின் மாதவாரி மழையளவைக் காட்டும் கோட்டு வரைபடம் கணினியில் அழகாக இருக்கும். அதையே 360 பிக்சல் அகலமுள்ள கைபேசியில் திறந்தால், மாதப் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கடைசியில் டிசம்பர் பாதியோடு அறுந்திருக்கும்.

கணக்கு எளிது. இடப்பக்க எண்களுக்கு 40, வலப்பக்க விளிம்புக்கு 10 பிக்சல் போனால் 310 மிஞ்சும். பன்னிரண்டு புள்ளிகளுக்கு நடுவே 11 இடைவெளிகள். ஒவ்வொன்றும் சுமார் 28 பிக்சல். ஆனால் ‘செப்டம்பர்’ என்ற சொல்லே ஏறத்தாழ 60 பிக்சல் கேட்கும். டிசம்பர், தன் புள்ளியை நடுவாகக் கொண்டு இருபுறமும் விரிவதால், வலப்பாதிக்கு 10 பிக்சல் போதாது. விளிம்பை 30 ஆக்கினால் அது முழுதாகத் தெரியும்.

பெயர்களை 45 பாகை சாய்ப்பது பலரின் முதல் யோசனை. மோதல் குறையும், ஆனால் கீழ் விளிம்பில் 40 பிக்சலுக்கு மேல் ஒதுக்காவிட்டால் அடிப்பகுதி வெட்டுப்படும். தலையைச் சாய்த்துப் படிப்பதும் சிரமம்.

இங்கே பெயர்களைக் குறைப்பதே நல்லது. D3 நூலகத்தில் `.ticks(4)` என்றால் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மட்டும் வரும். கோட்டின் பன்னிரண்டு புள்ளிகளும் அப்படியே இருக்கும். அந்த 4 ஒரு கோரிக்கைதான், கண்டிப்பான எண்ணிக்கையல்ல என்பதால் திரையில் சரிபார்க்க வேண்டும்.

மாவட்டப் பெயர்களில் இது செல்லாது. மாதங்களை ஊகிக்கலாம், விடுபட்ட மாவட்டத்தை ஊகிக்க முடியாது. அங்கே பட்டைகளைப் படுக்கையாக்கி, பெயர்களை இடப்பக்கம் வரிசையாக அடுக்குங்கள்.