பன்னிரண்டு சதவீதம் எங்கிருந்து வந்தது?

"எஸ்ஐபி போட்டு வையுங்க சார், வருஷத்துக்கு 12 சதவீதம் கண்டிப்பா வரும்" என்று சொல்லும் முகவர் பொய் சொல்லவில்லை. நிஃப்டி 50 குறியீட்டின் 2015 முதல் 2024 வரையிலான பத்து ஆண்டு ஏற்ற இறக்கங்களைக் கூட்டிப் பத்தால் வகுத்தால், ஈவுத்தொகை சேர்க்காமலே 11.5 சதவீதம் வருகிறது. அந்தச் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி.

அந்தப் பத்து எண்களும் ஒன்றுபோல் இல்லை. 2015-இல் 4 சதவீத இறக்கம், 2017-இல் 28.6 ஏற்றம், 2022-இல் வெறும் 4.3. சராசரியிலிருந்து இவை விலகி நிற்கும் அளவைத் திட்டவிலக்கம் என்பார்கள். இங்கே அது சுமார் 10.4. இதை 10-இன் வர்க்கமூலமான 3.16-ஆல் வகுத்தால் 3.3; இது சராசரியின் பிழை. கையில் பத்தே எண்கள் இருப்பதால் இதைச் சுமார் இரண்டேகால் மடங்காக்கி, 11.5-க்கு இருபுறமும் வைக்க வேண்டும். கிடைக்கும் 95 சதவீத நம்பக இடைவெளி, ஏறத்தாழ 4 முதல் 19 வரை. இப்படிப் போடும் கணக்கு, நூறு தடவையில் சுமார் 95 தடவை உண்மையான சராசரியை உள்ளே பிடித்துவிடும். அடுத்த ஆண்டு வரப்போகும் லாபத்துக்கான எல்லை இதுவல்ல.

ஒரு லட்சம் ரூபாய் இருபது ஆண்டில் 4 சதவீதத்தில் 2.2 லட்சமாகும், 19 சதவீதத்திலோ 32 லட்சம். முகவரின் கையேட்டில் ஒரே கோடுதான் இருக்கும்.

இன்னும் பழைய ஆண்டுகளைச் சேர்த்தால் இடைவெளி சுருங்குமே என்று தோன்றும். 2005 வரை பின்னால் போனேன். 2008-இல் 52 சதவீதச் சரிவு, மறு ஆண்டே 76 சதவீத ஏற்றம். இருபது ஆண்டுச் சராசரி 16.4 ஆனது, திட்டவிலக்கம் 27-ஐத் தொட்டது. இடைவெளி சுருங்காமல், 4 முதல் 29 வரை விரிந்தது! முதல் பத்தாண்டு அமைதியான காலம். அதனால்தான் அந்தக் கணக்கு அவ்வளவு அடக்கமாகத் தெரிந்தது.

தினசரி விலைகளை எடுத்தால் ஆயிரக்கணக்கில் எண்கள் கிடைக்குமே? அதுவும் உதவாது. 2014 கடைசியில் நிஃப்டி 8,283. 2024 கடைசியில் 23,645. நடுவே எத்தனை துண்டாக நறுக்கினாலும் வளர்ச்சி விகிதத்தைத் தீர்மானிப்பவை இந்த இரண்டு முனைகள்தான். ஏற்ற இறக்கத்தின் அளவை அறியத் தினசரி விலைகள் உதவும், சராசரியை அறியக் காலத்தின் நீளம் மட்டுமே உதவும் என்பதைப் பொருளாதார அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் 1980-இலேயே காட்டிவிட்டார்.

அப்படியானால் இருபுறமும் 2 சதவீதத்துக்குள் இடைவெளியை அடக்க எவ்வளவு காலம் வேண்டும்? திட்டவிலக்கம் 27 என்றால் 700 ஆண்டுகளுக்கு மேல். நிஃப்டி தொடங்கியது 1996-இல்.