காரில் ஓடும் ரேடியோ யாருடையது?

காசு கொடுத்து வாங்கிய கேம். விளையாடியதும் நாம்தான், மைக்கில் பேசியதும் நாம்தான். ஆனாலும் யூடியூபில் வீடியோவை ஏற்றிய கொஞ்ச நேரத்தில் காப்புரிமைக் கோரல் வந்து நிற்கிறது. புதிதாக கேம் வீடியோ போடுகிறவர்களுக்கு வரும் கோரல்களில் பல, கேமின் காட்சிக்காக வருவதில்லை. உள்ளே ஒலித்த பாட்டுக்காக வருகின்றன.

விளையாடுவதைப் பதிவு செய்து வெளியிடப் பல கேம் நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அவற்றுக்கு அது செலவில்லாத விளம்பரம். ஆனால் ஜிடிஏ போன்ற கேமில் காருக்குள் ஓடும் ரேடியோ பாடல்கள் அந்த நிறுவனத்தின் சொத்து அல்ல. கேமுக்குள் ஒலிக்கவிட மட்டும் இசை நிறுவனங்களிடம் உரிமம் வாங்கியிருப்பார்கள். தன்னிடம் இல்லாத உரிமையை அந்த நிறுவனம் நமக்கு எப்படித் தரும்?

யூடியூபின் கண்டென்ட் ஐடி, உரிமையாளர்கள் கொடுத்துவைத்த பாடல்களோடு நம் வீடியோவின் ஒலியைத் தானாகவே ஒப்பிடுகிறது. நம் பேச்சும் துப்பாக்கிச் சத்தமும் மேலே கலந்திருந்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். பத்து விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை, கீழே நன்றி போட்டால் போதும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. கோரல் வந்தால் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது வீடியோ முடக்கப்படலாம். ஸ்ட்ரைக் என்பது வேறு. உரிமையாளர் சட்டப்படி நீக்கச் சொல்லும்போது விழுவது அது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

ஆகவே கேமைத் தேர்ந்தெடுக்கும்போதே இசை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஸ்டார்டியூ வேலியின் இசையை, கேமை உருவாக்கிய எரிக் பரோனே அமைத்தார். அண்டர்டேலுக்கு டோபி ஃபாக்ஸும் அப்படியே. இப்படிப்பட்டவை தொடக்கக்காரருக்கு நல்லவை. நடன கேம்களில் பாட்டுதான் விளையாட்டே. அதை நிறுத்தினால் காட்ட ஒன்றும் மிஞ்சாது. அவற்றைத் தள்ளிவைப்பதே மேல்.

இரண்டுக்கும் நடுவே இருப்பவை, உரிமப் பாடல்களை அணைக்க வசதி தரும் கேம்கள். 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077 நல்ல உதாரணம். ஒலி அமைப்புகளில் Disable Copyrighted Music என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் சிக்கலான பாடல்களுக்குப் பதில் வேறு இசை ஒலிக்கும். ஆனால் கேம் வெளியானபோது ஒரு பாட்டு அந்தப் பட்டியலில் விடுபட்டுவிட்டது. ஒரு காட்சியில் சத்தத்தை நிறுத்திக்கொள்ளும்படி நிறுவனமே எச்சரிக்க வேண்டியிருந்தது. பிறகு வந்த திருத்தத்தில் அதையும் மாற்றினார்கள். அணைத்துவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்யக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சோதித்துப் பார்ப்பது கடினமில்லை. பதிவைத் தொடங்கும் முன்பே அந்த வசதியைப் போட்டுவிட்டு, பத்து நிமிடம் வேண்டுமென்றே பாட்டு இருக்கும் இடங்களில் திரியுங்கள். காரில் ஏறி ரேடியோ நிலையங்களை மாற்றுங்கள், மதுக்கூடத்துக்குள் நில்லுங்கள். அந்த வீடியோவைப் பிரைவேட்டாக ஏற்றினால், Checks என்ற படியில் கோரல் உண்டா இல்லையா என்று யூடியூபே சொல்லிவிடும். வெளியிட்ட பிறகும் கோரல் வரலாம் என்பதால் இதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலும், சோதனை நாம் நடந்த இடங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். இடையில் வரும் கதைக் காட்சிகளும், கடைசியில் பெயர்கள் ஓடும்போது வரும் பாட்டும் தப்பியிருக்கும். அந்தப் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே ஒருமுறை பார்ப்பது நல்லது. பாட்டின் பெயருக்குக் கீழே Courtesy of என்று ஒரு இசை நிறுவனம் இருந்தால், அது வெளியிலிருந்து வந்த பாட்டு.

ஓபிஎஸ்ஸில் பதிவு செய்யும்போது கேம் ஒலியை ஒரு டிராக்கிலும் மைக்கை இன்னொரு டிராக்கிலும் போடுங்கள். எங்கேயாவது பாட்டு நுழைந்துவிட்டால், அந்த இடத்தில் கேம் ஒலியை மட்டும் வெட்டிவிட்டு நம் பேச்சை வைத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒரே டிராக்கில் இருந்தால் பேச்சும் சேர்ந்து போகும். கேமுக்குள்ளேயே இசைக்குத் தனி அளவு இருந்தால் அதைப் பூஜ்யமாக்குவது இன்னும் எளிது. காலடிச் சத்தமும் வெடிச் சத்தமும் அப்படியே இருக்கும்.

இவ்வளவு பார்த்தும் சொந்த இசை உள்ள கேமுக்குக் கோரல் வருவதுண்டு. சிலசமயம் இசையமைப்பாளரின் ஆல்பத்தை விற்கும் விநியோகஸ்தர் அதைக் கண்டென்ட் ஐடியில் சேர்த்திருப்பார். சிலசமயம் யாரோ ஒருவர் அந்த இசையை வெட்டி ஒட்டித் தன் பாட்டாகப் பதிவு செய்திருப்பார். கேம் நிறுவனத்தின் தளத்தில் இசைக்கும் சேர்த்து அனுமதி எழுதியிருந்தால், அதைக் குறிப்பிட்டு மறுப்பு அனுப்பலாம். கோரியவர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு; அதற்குள் பதில் வராவிட்டால் கோரல் விழுந்துவிடும். ஆனால் கார் ரேடியோவில் ஓடிய பாட்டுக்கு, கேம் என்னுடையது என்று மறுப்பு எழுதாதீர்கள். எதிர்ப்பக்கம் நீக்கச் சொல்லிவிட்டால் அது ஸ்ட்ரைக்காகிவிடும்.